மதிப்பெண் அட்டையில் குறிப்புரை எழுதுவது எப்படி? 7ஆம் வகுப்புக் கணக்கை முன்வைத்துப் புதிய ஆசிரியர்களுக்கு ஒரு வழிகாட்டி

முதல் பருவத் தேர்வு முடிந்து, விடைத்தாள்கள் திருத்தப்பட்டு, மதிப்பெண்கள் பதிவேட்டில் ஏறிய பிறகு, வகுப்பாசிரியரின் மேசையில் நாற்பது அட்டைகள் வந்து அடுக்கப்படும். எண்களை எடுத்து எழுதுவது கடினமான வேலை இல்லை. 'ஆசிரியர் குறிப்புரை' என்று அச்சிட்ட அந்த இரண்டு வரி இடத்தில்தான் புதிதாகப் பணியில் சேர்ந்தவரின் பேனா நிற்கும். முதல் ஐந்து அட்டைகளில் யோசித்து எழுதுவார். பத்தாவது அட்டைக்கு வரும்போது 'நன்று' என்றும் 'முயற்சி தேவை' என்றும் இரண்டே சொற்கள் மாறி மாறி வரத் தொடங்கும். இப்படி ஆவதற்குச் சோம்பல் காரணம் அன்று. எழுதுவதற்கு வேண்டிய சான்றுகளைக் கையில் வைத்துக்கொள்ளாமல் எழுத உட்காருவதே காரணம். ஆகவே இந்த வழிகாட்டியில் சொற்களைப் பற்றிப் பேசுவதற்கு முன் சான்றுகளைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது.

எடுத்துக்காட்டுக்குத் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் 7ஆம் வகுப்புக் கணக்கு, முதல் பருவம் என்று வைத்துக்கொள்கிறேன். முழுக்கள், அளவைகள், இயற்கணிதம், நேர் மற்றும் எதிர் விகிதங்கள், வடிவியல் ஆகியவை இந்தப் பருவத்தில் வருகின்றன. வளரறி மதிப்பீட்டுக்கு 40, தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60 என நூறு மதிப்பெண். 91 முதல் 100 வரை ஏ1, 81 முதல் 90 வரை ஏ2 என்று இறங்கி, 21 முதல் 32 வரை இ1, அதற்கும் கீழே இ2 என்று தரநிலை முடிகிறது. வேறு பாடத்துக்கோ வேறு பாடத்திட்டத்துக்கோ எழுதுகிறவர்களுக்கும் முறை இதுவே. பாடப்பொருள் மட்டும் மாறும்.

தரநிலையைக் கண்டால் ஒரு பிள்ளை எவ்வளவு பெற்றிருக்கிறது என்பது தெரிந்துவிடும். எதனால் அவ்வளவு, அடுத்து என்ன செய்யலாம் என்பவை அதில் தெரியா. குறிப்புரை சொல்ல வேண்டியவை இந்த இரண்டும்தான். '57 மதிப்பெண், சி1' என்று பக்கத்திலேயே அச்சாகியிருக்கும்போது 'சராசரியான மாணவர்' என்று எழுதினால், அதே செய்தியை இரண்டாவது முறை சொன்னதாகிறதே தவிர வீட்டில் இருப்பவருக்குப் புதிதாக ஒன்றும் கிடைப்பதில்லை. தமிழ்நாட்டில் 8ஆம் வகுப்பு வரை அனைவரும் அடுத்த வகுப்புக்குச் செல்வதால், பிள்ளை உண்மையில் எந்த இடத்தில் நிற்கிறது என்பதை வீட்டுக்கு எழுத்தில் தெரிவிக்கும் வாய்ப்பு பெரும்பாலும் இந்த இரண்டு வரிகளுக்கு மட்டுமே இருக்கிறது.

எழுத உட்காருவதற்கு முன்

விடைத்தாள் திருத்தும்போதே ஒரு தனி நோட்டில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே இரண்டு துணுக்குகளைக் குறித்துக்கொள்ளுங்கள். பிள்ளை சரியாகச் செய்த ஒன்று, திரும்பத் திரும்பத் தவறிய ஒன்று, அவ்வளவு போதும். 'கழித்தல் குறி தடுமாற்றம்', 'பரப்பளவுச் சூத்திரம் தெரிகிறது, அலகு எழுதவில்லை' என்பதைப் போல நான்கைந்து சொற்களில் எழுதினால் போதுமானது. திருத்தி முடித்து ஒரு வாரம் கழித்து நினைவிலிருந்து எழுத முயன்றால் மதிப்பெண் மட்டும்தான் நினைவுக்கு வரும். அந்த மதிப்பெண்ணுக்குப் பொருத்தமாக ஒரு குணத்தை நம்மை அறியாமலே கற்பித்து எழுதிவிடுவோம்.

விடைத்தாளோடு வகுப்பேட்டையும் பாருங்கள். தேர்வுத்தாளில் ஒரு நாளின் நிலைதான் தெரியும். ஏட்டில் ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான நான்கு மாதம் தெரியும். குறிப்பாக, வளரறியில் 40க்கு 33 எடுத்து, தொகுத்தறியில் 60க்கு 24 மட்டும் எடுக்கும் பிள்ளைகள் ஒவ்வொரு வகுப்பிலும் இருப்பார்கள். இந்த இடைவெளிக்குப் பல காரணங்கள் இருக்கலாம். செயல்பாடுகளைக் குழுவாகச் செய்ததால் அந்த மதிப்பெண்ணில் மற்றவர் உழைப்பும் கலந்திருக்கலாம். நாமே தாராளமாகப் போட்டிருக்கலாம். சிறு தேர்வில் ஒரு பாடத்தை மட்டும் படித்து எழுதும் பிள்ளைக்கு ஐந்து பாடங்களைச் சேர்த்து நினைவில் வைப்பது கடினமாக இருக்கலாம். எது என்று ஏட்டைப் பார்த்தால்தான் விளங்கும். கரும்பலகையில் போட்ட கணக்குகள் மட்டும் ஏட்டில் இருந்து, 'தாமாகச் செய்க' என்று விட்ட கணக்குகளின் இடம் காலியாக இருந்தால், அந்த 33 எதைக் குறிக்கிறது என்பது புரிந்துவிடும்.

இன்னொரு வேலையும் இருக்கிறது. வருகைப் பதிவேட்டைப் பார்க்காமல் உங்கள் வகுப்பின் பெயர்களை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் உடனே தோன்றுவதை எழுதிப் பாருங்கள். சில பெயர்கள் கடைசியில்தான் நினைவுக்கு வரும். சிலவற்றுக்கு எதிரே எழுத ஒன்றும் இருக்காது. முதல் வரிசைக்காரர்களும் அடிக்கடி கண்டிக்கப்படுகிறவர்களும் நமக்கு நன்றாகத் தெரிந்திருப்பார்கள். கையைத் தூக்காமல், குறும்பும் செய்யாமல், 60க்கும் 70க்கும் இடையே மதிப்பெண் வாங்கிக்கொண்டு நடுவில் அமர்ந்திருக்கும் எட்டுப் பத்துப் பேரைத்தான் நாம் பார்த்திருக்க மாட்டோம். குறிப்புரை எழுதும் வேலையை இவர்களிடமிருந்து தொடங்குங்கள். கை களைத்த பிறகு இவர்களுக்கு வந்தால் இவர்களுக்குக் கிடைப்பது 'நன்று' மட்டுமே.

ஒரு விடைத்தாளை எடுத்துப் பார்ப்போம்

மேலே சொன்ன 57 மதிப்பெண் மாணவியின் தாளையே எடுத்துக்கொள்வோம். முழுக்களில் கூட்டல் அனைத்தும் சரி. கழித்தலில் மூன்று கணக்கில் இரண்டு சரி. நேர் விகிதத்தில், 5 நோட்டுகளின் விலை 150 ரூபாய் என்றால் 8 நோட்டுகளின் விலை என்ன என்ற கணக்கில், ஒரு நோட்டு 30 ரூபாய் என்று கண்டு 240 என்று முடித்திருக்கிறாள். அடுத்த கணக்கில், 6 பேர் 8 நாளில் முடிக்கும் வேலையை 12 பேர் எத்தனை நாளில் முடிப்பார்கள் என்று கேட்டதற்கு 16 நாள் என்று விடை எழுதியிருக்கிறாள். எதிர் விகிதத்தில் கேட்ட மற்ற இரண்டு கணக்கிலும் இதே முறை. ஒன்று பெருகினால் மற்றதையும் பெருக்கிவிடுகிறாள்.

அவசரமாகப் பார்த்தால் 'கவனக்குறைவு' என்று எழுதத் தோன்றும். கவனக்குறைவால் வரும் தவறு இடம் மாறி மாறி வரும்; இது ஒரே இடத்தில் மூன்று முறை வந்திருக்கிறது. ஆகவே இதற்குப் பின்னால் ஒரு முறை இருக்கிறது. அவளை அழைத்து, தாளைக் காட்டாமல், "ஆள் கூடினால் வேலை முடிய நாள் கூடுமா, குறையுமா?" என்று கேட்டுப் பாருங்கள். "குறையும்" என்று உடனே சொல்கிறாள் என்றால் கருத்து அவளுக்குத் தெரியும். கணக்கைத் தொடங்கும்போது அதைக் கேட்டுக்கொள்ளும் பழக்கம்தான் இல்லை. "கூடும்" என்றால் நிலைமை வேறு; பாடத்தையே மறுபடி நடத்த வேண்டும், அது வீட்டுக்கு எழுதி அனுப்ப வேண்டிய வேலையும் அன்று. இந்த ஒரு கேள்வியைக் கேட்க ஒரு நிமிடம் போதும். அவள் 'குறையும்' என்று சொன்னதாக வைத்துக்கொண்டால், குறிப்புரை இப்படி அமையும்:

"நேர் விகிதக் கணக்குகளைத் தெளிவாகச் செய்கிறார். எதிர் விகிதத்திலும் அதே முறையைப் பின்பற்றுவதால் விடை தவறுகிறது. தொடங்கும்முன் 'கூடுமா, குறையுமா' என்று ஓரத்தில் எழுதிவிட்டுச் செய்யட்டும்."

இதில் மூன்று வாக்கியங்கள் இருக்கின்றன. முதல் வாக்கியம், பிள்ளைக்கு உறுதியாகத் தெரிந்த ஒன்றைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. இரண்டாவது, தடை எந்த இடத்தில் இருக்கிறது என்று காட்டுகிறது. மூன்றாவது, நாளைக்கே தொடங்கக்கூடிய ஒரு சிறு செயலைச் சொல்கிறது. பெரும்பாலான குறிப்புரைகளுக்கு இந்த அமைப்பே போதும். மூன்றுக்கும் இடம் இல்லாத அட்டை என்றால் முதலிரண்டையும் ஒரே வாக்கியமாகச் சேர்த்துக்கொள்ளலாம். மூன்றாவதை மட்டும் விட்டுவிடாதீர்கள். இருபது, இருபத்தைந்து சொற்களுக்கு மேல் போகத் தேவையில்லை. அச்சிட்ட இடம் ஒரு வரிதான் என்றால் எழுத்தைப் பொடியாக்கி நெருக்குவதைவிட, தலைமையாசிரியரின் அனுமதியோடு சிறு தாள் ஒன்றை ஒட்டி அனுப்புவது படிப்பவருக்கு எளிது.

சொல்ல வேண்டிய குறைகள் நான்கு இருந்தாலும் ஒன்றைத்தான் எழுத வேண்டும் என்பது என் கருத்து. அந்த மாணவி கழித்தலில் ஒரு தவறு செய்திருக்கிறாள், ஓர் இடத்தில் அலகு எழுதவில்லை, ஒரு கணக்கை முடிக்காமல் விட்டிருக்கிறாள். இவை அனைத்தையும் எழுதினால் வீட்டில் இருப்பவருக்கு 'எதுவுமே சரியில்லை' என்றுதான் மனத்தில் பதியும். எதைச் சரிசெய்தால் அதிகமான கணக்குகள் சரியாகுமோ அதை எழுதுங்கள். மற்றவற்றை வகுப்பில் நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

உயர்ந்த மதிப்பெண் பெறுபவருக்கு

எழுதக் கடினமானது 96 எடுத்த பிள்ளையின் அட்டைதான் என்று நினைக்கிறேன். 'மிக நன்று, வாழ்த்துகள்' என்பதைத் தாண்டி ஒன்றும் தோன்றாது. இந்தப் பிள்ளையும் நான்கு மாதம் உங்களிடம் படித்திருக்கிறது. அடுத்த பருவத்திலும் படிக்க இருக்கிறது. தாளில் போன அந்த நான்கு மதிப்பெண்ணைத் தேடிக் குறை சொல்வது இங்கே நோக்கம் அன்று. முழு மதிப்பெண் கிடைத்த விடையிலேயே வளர இடம் இருக்கும். எடுத்துக்காட்டாக, இரண்டு இணைகோடுகளை ஒரு குறுக்குவெட்டி வெட்டும் படத்தில் எட்டுக் கோணங்களின் அளவையும் சரியாக எழுதியிருப்பார். எது ஒத்த கோணம், எது ஒன்றுவிட்ட கோணம் என்ற காரணத்தை எழுதியிருக்க மாட்டார். 7ஆம் வகுப்பில் அதற்கு மதிப்பெண் போவதில்லை என்றாலும், மேல்வகுப்புகளில் நிரூபணம் எழுதத் தொடங்கும்போது இந்தப் பழக்கம்தான் தேவைப்படும்.

"முழுக்களிலும் வடிவியலிலும் விடைகள் பிழையின்றி இருக்கின்றன. வடிவியலில் ஒவ்வொரு படிக்கும் காரணத்தைத் தம் சொற்களில் எழுதிப் பழகட்டும். அதற்கான கணக்குகளை வகுப்பில் தருகிறேன்."

பாராட்டுச் சொல்லே கூடாது என்று நான் சொல்லவில்லை. பாராட்டு, செய்த வேலையின் மேல் விழ வேண்டும். 'அறிவுக்கூர்மை மிக்கவர்' என்று எழுதினால் அடுத்த பருவத்தில் 84 எடுக்கும்போது அந்தக் கூர்மை எங்கே போயிற்று என்ற கேள்வி வீட்டில் எழும். பிள்ளையின் மனத்திலும் எழும். 'விடைகள் பிழையின்றி இருக்கின்றன' என்பது இந்தப் பருவத்தைப் பற்றிய உண்மை. அது அடுத்த பருவத்தில் பொய்யாகாது.

நடுவில் இருப்பவருக்கு

66 மதிப்பெண், பி2. ஏடு அழகாக இருக்கிறது, வீட்டுப்பாடம் ஒருநாளும் தவறவில்லை. இணைப்பக்கங்கள் 12 செ.மீ., 8 செ.மீ., உயரம் 5 செ.மீ. உள்ள சரிவகத்தின் பரப்பளவைக் கேட்ட கணக்கில் 50 ச.செ.மீ. என்று சரியாக எழுதியிருக்கிறார். அதே வகைக் கணக்கை, சரிவக வடிவிலுள்ள ஒரு தோட்டத்துக்கு வேலை செய்யும் செலவு என்று சொற்களால் மாற்றிக் கேட்டிருக்கும் இடத்தில் தாள் வெறுமையாக இருக்கிறது. மற்ற பாடங்களிலும் புத்தகத்தில் இருந்தபடி வந்தவை எல்லாம் சரி, வாக்கியமாக மாறி வந்தவை எல்லாம் வெற்றிடம். இது தெரியும்வரை 'இன்னும் நன்றாகப் படித்தால் உயரலாம்' என்றுதான் எழுதியிருப்போம்; அதைப் படித்துவிட்டு அவர் ஏற்கெனவே செய்துகொண்டிருப்பதையே இன்னும் ஒரு மணி நேரம் கூடுதலாகச் செய்வார். பலன் இருக்காது.

"சூத்திரங்களை நன்கு அறிந்து பயன்படுத்துகிறார். வாக்கியக் கணக்குகளை முயலாமல் விட்டுவிடுகிறார். கணக்கைப் படித்ததும் படம் வரைந்து, கொடுத்த அளவுகளை அதில் குறிப்பதிலிருந்து தொடங்கட்டும்."

இந்தப் பிள்ளைகளுக்கு எழுதும்போது 'முயலாமல் விட்டுவிடுகிறார்' என்பதற்கும் 'முயற்சி இல்லை' என்பதற்கும் இடையே உள்ள தூரத்தைக் கவனியுங்கள். முதலாவது தாளில் காணக்கூடியது. இரண்டாவது பிள்ளையின் மனத்தைப் பற்றிய தீர்ப்பு. அதற்கு நம்மிடம் சான்று கிடையாது.

மிகவும் பின்தங்கியிருப்பவருக்கு

24 மதிப்பெண், இ1. நேர்மை இங்கேதான் சோதிக்கப்படுகிறது. இரண்டு விதமாகத் தவறலாம். இரக்கத்தால் 'நல்ல பையன், முயன்றால் முன்னேறுவான்' என்று எழுதி உண்மையை மூடிவிடலாம். எரிச்சலால் 'கணக்கில் மிகவும் மோசம்' என்று எழுதிக் கதவை அடைத்துவிடலாம். இரண்டிலும் வீட்டுக்குச் செய்தி போய்ச் சேரவில்லை.

முதலில், 7ஆம் வகுப்புத் தாளை ஒதுக்கி வைத்துவிட்டு, பத்து நிமிடம் அவரோடு உட்கார்ந்து கீழ்வகுப்புக் கணக்குகளைக் கொடுத்துப் பாருங்கள். இரண்டிலக்கக் கூட்டல், கடன்வாங்கிக் கழித்தல், 5ஆம் வாய்ப்பாடு, 8ஆம் வாய்ப்பாடு, ஓரிலக்க எண்ணால் வகுத்தல் என்ற வரிசையில் போனால் எந்தப் படியில் கால் நிற்கிறது என்பது தெரியும். கடன்வாங்கிக் கழித்தல்வரை சரியாக வந்து, 6ஆம் வாய்ப்பாட்டிலிருந்து தடுமாறுகிறார் என்றால், விகிதமும் பரப்பளவும் அவருக்கு ஏன் வரவில்லை என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

"கூட்டல், கழித்தல் நன்றாக வருகின்றன. 6 முதல் 9 வரை வாய்ப்பாடு நிலைக்காததால் 7ஆம் வகுப்புக் கணக்குகள் கடினமாகின்றன. வாரம் ஒரு வாய்ப்பாடு: பள்ளியில் நான் கேட்கிறேன், இரவில் நீங்கள் கேளுங்கள்."

இந்த வாக்கியங்களில் உண்மை மறைக்கப்படவில்லை. பிள்ளை 7ஆம் வகுப்புப் பாடத்தைத் தொடரும் நிலையில் இல்லை என்பது வெளிப்படையாகவே இருக்கிறது. அதே சமயம் வீட்டில் இருப்பவர் செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது. வாய்ப்பாட்டைக் கேட்பதற்கு ஏழாம் வகுப்புக் கணக்கு தெரிந்திருக்க வேண்டியதில்லை. அண்ணனோ அக்காவோ வாய்ப்பாட்டுப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கலாம். 'பெற்றோர் வீட்டில் கவனம் செலுத்தவும்' என்று எழுதுவதில் இந்தப் பயன் இல்லை. எதைக் கவனிப்பது என்று தெரியாத பெற்றோர், பிள்ளையைப் புத்தகத்தின் முன் உட்காரவைத்துவிட்டுக் காவல் இருப்பார், அல்லது அடிப்பார்.

'பள்ளியில் நான் கேட்கிறேன்' என்று எழுதினால் கேட்கத்தான் வேண்டும். நாற்பது அட்டையிலும் இப்படி எழுதிவிட்டு ஒன்றையும் செய்ய முடியாமல் போவதைவிட, மதிய இடைவேளையில் உங்களால் உண்மையாகவே நேரம் ஒதுக்க முடிந்த நான்கைந்து பேருக்கு மட்டும் எழுதுவது நல்லது.

அட்டையை வீட்டில் யார் படிக்கிறார்கள்

நாம் பெற்றோருக்கு எழுதுவதாக நினைத்துக்கொள்கிறோம். பல வீடுகளில் அம்மாவுக்கோ அப்பாவுக்கோ அதைப் படித்துக் காட்டுவது அந்தப் பிள்ளையேதான். கையொப்பம் வாங்குவதற்காக அட்டையை நீட்டி, "சார் என்ன எழுதியிருக்காரு, படி" என்று கேட்கும்போது, தன்னைப் பற்றிய வாக்கியத்தைத் தன் வாயாலேயே அது உரக்கப் படிக்க வேண்டும். 'மந்தம்', 'சோம்பேறி', 'தேறாது' என்ற சொற்களை எழுதும் கை இதை நினைத்தால் எழுதாது. கல்வி உரிமைச் சட்டம், 2009இன் 17ஆம் பிரிவு உடல் தண்டனையோடு மனரீதியான துன்புறுத்தலையும் தடைசெய்கிறது. அட்டை, பிள்ளையோடு பல ஆண்டு வீட்டுப் பெட்டியில் கிடக்கும் ஆவணம் என்பதையும் மறக்கக் கூடாது.

ஆகவே எழுதி முடித்த குறிப்புரையை ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். 'கற்றல் அடைவு', 'அடிப்படைத் திறன் குறைபாடு', 'எண்ணறிவு' போன்ற பயிற்சிக் கூட்டச் சொற்கள் காதில் விழுந்தால் புரியுமா என்று பாருங்கள். 'வகுத்தல் கணக்கு வரவில்லை' என்றால் எல்லாருக்கும் புரியும். படர்க்கையில் எழுதும்போது 'செய்கிறான்', 'செய்கிறாள்' என்பதைவிடச் 'செய்கிறார்' என்பதையே நான் பரிந்துரைக்கிறேன். படிப்பது பிள்ளையாக இருக்கும்போது அந்த மரியாதை அதற்கும் போய்ச் சேருகிறது. பெயர் சொல்லாவிட்டாலும், மற்றப் பிள்ளைகளோடு ஒப்பிடும் வாக்கியம் எதுவும் வேண்டாம். 'அக்காவைப் போலப் படிக்கவில்லை' என்பது அதே பள்ளியில் அக்காவும் படித்திருக்கும் வீடுகளுக்கு எழுதத் தோன்றும் வாக்கியம். அதைக் கட்டாயம் தவிர்க்க வேண்டும்.

சற்று நின்று எழுத வேண்டிய அட்டைகள்

நீண்ட நாள் வராத பிள்ளைக்கு 'பள்ளிக்கு ஒழுங்காக வருவதில்லை' என்று எழுதுவது வழக்கம். வருகை நாட்கள் அட்டையிலேயே இருக்கின்றன. வராமைக்குக் காரணம் பெரும்பாலும் பிள்ளையின் கையில் இருப்பதும் இல்லை. வராத நாட்களில் எந்தப் பாடம் போயிற்று என்பதைச் சொல்வதுதான் பயன்படும்: "ஆகஸ்டில் வராத நாட்களில் இயற்கணிதம் நடந்தது, தேர்விலும் அந்தப் பகுதியே விடுபட்டிருக்கிறது. அக்டோபர் முதல் வாரத்தில் மாலையில் அதைத் திரும்ப நடத்துகிறேன், அனுப்பிவையுங்கள்."

போன ஆண்டு 78 எடுத்து இந்தப் பருவம் 55க்கு இறங்கிய பிள்ளைக்குக் காரணத்தை ஊகித்து எழுதாதீர்கள். 'கைபேசியில் கவனம் சிதறுகிறது' என்று எழுதிவிட்டால், வீட்டில் நடந்திருப்பது நோயோ இடமாற்றமோ இழப்போ ஆக இருக்கும்போது அந்த வாக்கியம் மிகவும் புண்படுத்தும். தெரிந்ததை மட்டும் எழுதி, பேச அழைக்கலாம். அழைக்கும்போது 'பெற்றோர் பள்ளிக்கு வரவும்' என்று நிறுத்திவிட்டால், ஏதோ பெரிய குற்றம் என்று பயந்துகொண்டு ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வருவார்கள். எதற்காக, எவ்வளவு நேரம், எப்போது என்று சொல்லிவிடுங்கள்: "சென்ற ஆண்டைவிட மதிப்பெண் குறைந்திருக்கிறது. என்ன உதவி தேவை என்று பேச விரும்புகிறேன். மாலை நாலரைக்கு மேல் எந்த நாளும் பத்து நிமிடம் போதும்."

மாற்றுத்திறன் கொண்ட பிள்ளைக்கு எழுதும்போது மருத்துவப் பெயர்களை அட்டையில் எழுத வேண்டாம். நமக்குத் தோன்றும் சந்தேகத்தை எழுதவே கூடாது. எழுத்துகள் மாறி மாறி வருவதைக் கண்டால் தலைமையாசிரியரிடமும் சிறப்பாசிரியரிடமும் நேரில் சொல்ல வேண்டும். அட்டையில், எந்த உதவி கிடைத்தபோது என்ன செய்தார் என்பதை எழுதலாம்: "வாய்மொழியாகக் கேட்ட கணக்குகளுக்குச் சரியாக விடை சொல்கிறார், எழுதுவதற்குக் கூடுதல் நேரம் கொடுத்தால் முடித்துவிடுகிறார்."

நடத்தையைப் பற்றி எழுதித்தான் ஆக வேண்டும் என்றால், கண்ணால் கண்டதை மட்டும் எழுதுங்கள். 'அடக்கம் இல்லை' என்பதை யாரும் திருத்திக்கொள்ள முடியாது. 'குழு வேலையில் மற்றவர் பேசி முடிக்கும்முன் குறுக்கிடுகிறார்' என்றால் திருத்திக்கொள்ளலாம்.

அனுப்புவதற்கு முன்னும் பின்னும்

ஒரே அமர்வில் நாற்பதையும் எழுதாதீர்கள். ஓர் அட்டைக்கு நான்கு நிமிடம் என்றாலே இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். இருபதைத் தாண்டியதும் வாக்கியங்கள் ஒன்றையொன்று நகலெடுக்கத் தொடங்கும். நாளுக்குப் பத்து என்று வைத்துக்கொண்டு, முதலில் ஒரு தாளில் எழுதி, பிறகு அட்டையில் ஏற்றுங்கள். அடித்துத் திருத்திய குறிப்புரை, அடித்த சொல் என்ன என்று துருவிப் பார்க்கவே வைக்கும்.

தாளில் எழுதியவற்றைச் சரிபார்க்க எளிய வழி ஒன்று உண்டு. பெயர்களை மறைத்துவிட்டு, பக்கத்து வகுப்பாசிரியரிடம் நான்கைந்து குறிப்புரைகளைக் கொடுத்து, எது எந்த மாதிரிப் பிள்ளைக்கு என்று கேளுங்கள். ஒரே குறிப்புரையை வகுப்பில் பத்துப் பேருக்குப் பொருத்த முடிகிறது என்றால் அதில் இன்னும் பாடப்பொருள் ஏறவில்லை. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் 'எதை வைத்துச் சொல்கிறீர்கள்?' என்று ஒரு பெற்றோர் கேட்டால் விடைத்தாளிலோ ஏட்டிலோ ஒரு பக்கத்தைத் திறந்து காட்ட உங்களால் முடிய வேண்டும். முடியாத வாக்கியத்தை எடுத்துவிடுங்கள்.

எழுதிய எல்லாவற்றுக்கும் அந்தத் தனி நோட்டில் ஒரு படி வைத்துக்கொள்ளுங்கள். டிசம்பரில் இரண்டாம் பருவ அட்டை வரும்போது எழுத வேண்டிய முதல் வாக்கியம் அதிலிருந்துதான் வர வேண்டும். எதிர் விகிதத்தில் தடுமாறிய மாணவியின் ஏட்டைத் திறந்து, கணக்கின் ஓரத்தில் 'குறையும்' என்று சிறிதாக எழுதியிருக்கிறாளா என்று பாருங்கள். எழுதியிருந்தால்: "எதிர் விகிதத் தவறு இப்போது இல்லை, சொன்ன பழக்கத்தைக் கைக்கொண்டிருக்கிறார். இந்தப் பருவத்தில் முழுக்களின் கழித்தலில் குறிகளைச் சரிபார்க்கட்டும்." எழுதியிருக்கவில்லை, தவறும் அப்படியே இருக்கிறது என்றால், சொன்ன வழி அவளுக்குப் பொருந்தவில்லை என்று எடுத்துக்கொண்டு, அதே வாக்கியத்தை மறுபடி எழுதாமல் வேறொரு வழியை எழுத வேண்டும்.